மேனேஜர் எதைப் பார்த்துச் சிரித்தார்

எங்கள் போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில், எடுத்த படங்களைத் திருத்துகிற ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்கள் 'டச்சப் மேடம்' என்பார்கள், நான் வெறும் டச்சப் என்பேன். கடை என்னுடையது. போட்டோ எடுப்பவன் நான். வாசல் பலகையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதும் நான்தான். ஆனால் கடை ஓடுவது அவளால் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், டீ கொண்டுவருகிறவருக்கும் தெரியும். அதனால் அவள் அதட்டுவாள், நான் கேட்டுக்கொள்வேன்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் நான்கும் சாம்பல் நிறம். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சண்டை போட்டு அடிக்க வைத்தாள். நான் ஆசையாக ரோஸ் பெயின்ட் அடித்து வைத்திருந்தேன். "அண்ணே, இந்தச் சுவரைப் பாத்துட்டு மூஞ்சியப் பாத்தா எல்லாருக்கும் காமாலை வந்த மாதிரி தெரியுது. உங்களுக்கு ஆசையா இருந்தா உங்க வீட்டுல அடிச்சிக்குங்க" என்றாள். சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, வாயைப் பாருங்கள்.

மேசையில் இரண்டு திரை, வரைகிற பலகை ஒன்று, பேனா ஒன்று. பக்கத்தில் ஒரு சிவப்பு அலாரம் கடிகாரம், தலையில் இரண்டு மணி வைத்தது, அதில் ஒன்று நசுங்கியது. நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை அது அலறும். அவள் பேனாவை வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து, தூரத்தில் தெரியும் தண்ணீர்த் தொட்டியை இரண்டு நிமிஷம் பார்ப்பாள். கண்ணுக்கு ஓய்வாம். நான் முன்னறையில் கையில் கேமராவோடு தூக்கிவாரிப் போட்டு நிற்பேன். என் எதிரே நாற்காலியில் இருப்பவர் என்னைவிட அதிகமாகத் துள்ளியிருப்பார்.

"ஏம்மா, போன்லயே அலாரம் இருக்கே. அந்தச் சனியனைத் தூக்கிப் போடேன்" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"நல்லாத்தானே ஓடுது. எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்பாள். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அவளுடைய கெட்டிக்காரத்தனம் எதில் என்றால், உம்மணாமூஞ்சிகளைச் சிரிக்க வைப்பதில். நேரில் இல்லை, நேரில் அவளைப் பார்த்தால் சிரிக்கிறவனும் நிறுத்திக்கொள்வான். படத்தில். எங்கள் தொழிலில் இது பெரிய தலைவலி. கேமரா முன்னால் உட்கார்ந்ததும் ஜனங்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. வாசலில் நின்று வாய் ஓயாமல் பேசிச் சிரித்த மனுஷன், நான் "கொஞ்சம் சிரிங்க" என்றதும் ஊசி போடப் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறான். எடுத்து முடித்துப் பெரிதாகப் போட்ட பிறகு, "கொஞ்சம் சிரிச்ச மாதிரி பண்ண முடியுமா?" என்று வந்து நிற்கிறான்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. படத்தைப் போட்டு, 'சிரிக்க வை' என்று எழுதினால் போதும். அவள் லீவில் இருந்த நாளில் நானும் என் திறமையைக் காட்டினேன். ஒரு பெரியவர் படம். அரை நிமிஷத்தில் மனுஷன் பளபளவென்று சிரித்துவிட்டார். நான் பெருமையாகப் பிரேம் போட்டுக் கொடுத்தேன். அவர் மனைவி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்காரு. யாருங்க இவரு?" என்றார். அப்புறம்தான் சொன்னார்கள், அவருக்கு முன்பல் இரண்டு இல்லை, பத்து வருஷமாக இல்லை. கம்ப்யூட்டர் தாராள மனசோடு முப்பத்திரண்டையும் வைத்துக் கொடுத்திருந்தது.

மறுநாள் டச்சப் வந்து என்னைக் கிழிகிழி என்று கிழித்தாள். "அது அவர் எப்படிச் சிரிப்பாருன்னு எங்க பாத்துச்சு? பாக்காததை அதுவா கற்பனை பண்ணிக்கிச்சு. நீங்களும் வாயைப் பொளந்துட்டுப் பிரேம் போட்டுட்டீங்க."

அவள் வழி வேறு. "அதே ஆளு சிரிச்சு எடுத்த இன்னொரு போட்டோ கொண்டாங்க" என்பாள். முகம் ஏறக்குறைய அதே பக்கம் திரும்பியிருக்க வேண்டும், பக்கவாட்டில் எடுத்தது உதவாது. செல்ஃபி என்றால் இடது வலது மாறியிருக்கிறதா என்று மச்சத்தையோ தலை வகிட்டையோ வைத்துச் சரிபார்ப்பாள், இல்லாவிட்டால் வலது கன்னத்துக் குழி இடது கன்னத்துக்குப் போய்விடும். பிறகு இரண்டு படத்தையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, முதல் படத்தில் இருந்து முக அமைப்பு, முடி, உடை, வெளிச்சம் எல்லாம் அப்படியே, இரண்டாவதில் இருந்து சிரிப்பு மட்டும் என்று தெளிவாக எழுதுவாள். நாலைந்து தடவை வரவழைத்து, தேறியதை மூலப்படத்தின் மேல் வைத்து, காது, தலைமுடி, மச்சம், சட்டைக் காலர் எல்லாவற்றிலும் பழையதே தெரியும்படி பிரஷ்ஷால் திறந்துவிடுவாள். முகத்தில் எங்கெங்கே சிரிப்பு நடக்கிறதோ அங்கே மட்டும் புதியது நிற்கும். அது வாயில் மட்டும் நடப்பதில்லை. கன்னம் மேலே ஏறும், கீழ் இமை லேசாகத் தூக்கும், கண் ஓரத்தில் கோடு விழும், மூக்கு கொஞ்சம் அகலும். வாயை மட்டும் மாற்றிக் கண்ணை அப்படியே விட்டால் மனுஷன் சிரிக்க மாட்டான், பல் காட்டுவான். வாசல் பலகையில் இருக்கும் என் படத்தை உதாரணமாகச் சொல்வாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. இரண்டாவது படம் வந்ததும் கேட்பாள்: "இதுல எதைப் பாத்துச் சிரிச்சாங்க?" பேரப்பிள்ளையைப் பார்த்தா, நண்பன் சொன்ன ஜோக்குக்கா, போட்டோ எடுக்கிறவனுக்காகவா? உனக்கு எதற்கு அந்த வம்பு என்று நான் கேட்டிருக்கிறேன். "சிரிப்பை எடுத்து வைக்கும்போது அதுவும் கூட வந்துடும் அண்ணே" என்பாள். ஏதோ பெரிய தத்துவம் பேசுகிறாள் என்று விட்டுவிடுவேன்.

வீட்டில் அவளும் தங்கையும்தான். அப்பா சின்ன வயதிலேயே இல்லை, அம்மா போய் ஏழெட்டு வருஷம். தங்கையைப் படிக்க வைத்தது இவள்தான். அந்தப் பெண் பக்கத்துத் தெருவில் இருக்கிற பார்சல் கம்பெனியில் போன வருஷம் சேர்ந்தாள். சேர்ந்த அன்று கடைக்கு வந்து எனக்கு பிஸ்கட் கொடுத்தது, டச்சப் முகம் மட்டும் சரியில்லை. "வேலை கிடைச்சிருக்கு, சந்தோஷப்படேன்" என்றேன். "வேற இடம் கிடைச்சிருக்கலாம்" என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை.

அந்தக் கம்பெனியில் இருந்துதான் ஒருவர் வந்தார். மேனேஜர் ஓய்வு பெறுகிறார், பிரிவு விழா, விழாக் குழுச் செயலாளர் இவர். சட்டைப்பையில் மூன்று பேனா. 'நம்ம சார்', 'நம்ம சார்' என்று மூச்சுக்கு மூன்று தடவை. நான் மனசுக்குள் அவருக்கு 'நம்மசார்' என்றே பெயர் வைத்துவிட்டேன்.

மேனேஜரின் படம் ஒன்றை நீட்டினார். கம்பெனி நோட்டீசுக்காக எடுத்தது. கோட்டு, டை, பக்கவாட்டு வெளிச்சம், நல்ல படம்தான். முகம் மட்டும் பார்க்கிறவனை வெளியே போ என்றது.

"ஹால்ல பெருசா மாட்டப்போறோம். இப்படியே மாட்டினா நல்லா இருக்காது. நம்ம சார் உள்ளுக்குள்ள தங்கமான மனுஷன். கொஞ்சம் சிரிச்சா அது தெரியும்" என்றார்.

"இருக்கிறதுதானே தெரியும்" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. நான் இருமி மறைத்தேன்.

வழக்கம்போல இரண்டாவது படம் கேட்டாள். நம்மசார் ஒரு வாரம் அலைந்துவிட்டு வந்தார். பதினோரு வருஷத்து ஆல்பத்தையும் புரட்டியாயிற்று, சார் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது என்றார். பதினோரு வருஷத்தில் ஒன்று! ஆனால் உண்மையான சிரிப்பு. கண்ணெல்லாம் சுருங்கி, இடது பக்க உதடு மேலே ஏறி, அந்தப் பக்கத்துக் கோரைப்பல் தெரிய, மனுஷன் அனுபவித்துச் சிரித்திருந்தார். போனில் முகத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தார்கள். பெரிதாக்கினால் பல்லெல்லாம் மாவாகக் குழைந்தது.

"இது போன்ல வந்து வந்து சுருங்கிப் போச்சு. வெட்டாத மூலப்படத்தை மெயில்ல அனுப்பச் சொல்லுங்க" என்றாள் டச்சப். பிறகு தன் கேள்வியைக் கேட்டாள். "எதைப் பாத்துச் சிரிச்சாரு?"

"ஏதோ ஆண்டு விழாங்க. நம்ம சார் நல்ல மூடுல இருந்தாரு" என்றார் நம்மசார்.

மூலப்படம் மாலையில் வந்தது. அவள் திறந்தபோது நான் பின்னால் நின்றிருந்தேன். ஒரு மேடை, மைக், மேனேஜர். முன்வரிசையில் ஊழியர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நம்மசாரும் இருக்கிறார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. மேடையின் ஓரத்தில், மேனேஜர் பார்க்கிற திசையில், ஒல்லியாக ஒரு பெண் நிற்கிறாள். இரண்டு கையிலும் ஒரு பொருளைப் பிடித்திருக்கிறாள். அழாமல் இருக்கிறவளின் முகம் எப்படி இருக்கும், அப்படி ஒரு முகம்.

கையில் இருந்தது சிவப்பு அலாரம் கடிகாரம். தலையில் இரண்டு மணி, அப்போது ஒன்றும் நசுங்கவில்லை.

நான் திரையைப் பார்த்தேன், மேசையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"அங்கதான் வேலை பாத்தேன், பில் போடுற வேலை. அம்மாவுக்குக் காலையில ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணுவாங்க, வாரம் மூணு நாள். கொண்டுபோய் உட்கார வச்சுட்டு ஓடி வந்தா இருபது நிமிஷம் லேட்டாகும். சொல்லிட்டுத்தான் செஞ்சேன். ஆண்டு விழா அன்னைக்கு மேடைக்குக் கூப்பிட்டாரு. சிறந்த ஊழியர் பரிசு கொடுக்கிற வரிசையில என் பேரையும் படிச்சாரு. நானும் லூசு மாதிரி புடவையெல்லாம் சரி பண்ணிக்கிட்டுப் போனேன்" என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "இந்தக் கடிகாரத்தைக் கையில கொடுத்தாரு, இனிமேலாவது நேரத்துக்கு வான்னு. மறுநாள் போகலை."

"அப்ப அந்த நசுங்கல்?"

"வீட்டுக்கு வந்து சுவத்துல அடிச்சேன். ஆனா ஓடுச்சு."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பதினோரு வருஷ ஆல்பத்தில் அந்த ஆள் சிரித்த ஒரே தருணம் இதுதானா! இந்த ஆர்டர் வேண்டாம், திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். சொல்லும்போது எனக்கே என் மேல் மதிப்பு வந்தது. அது அரை நிமிஷம் நின்றது. அவளுடைய போன் அடித்தது, தங்கை.

"அக்கா, படம் உன்கிட்டதான் வந்திருக்காமே. அவங்க என்ன கேட்டாலும் செஞ்சு கொடுத்துடு. எங்க மூணு பேரோட நிரந்தர லெட்டர் அவர் மேசையிலதான் இருக்கு. விழா அன்னைக்குத்தான் கையெழுத்துப் போடுவாராம். அதுவரைக்கும் பயந்துக்கிட்டு இருக்கட்டும்னு சொல்லியிருக்காரு. அவர் போடாம போயிட்டா, புது மேனேஜர் வந்து முதல்ல இருந்து ஆறு மாசம் காத்திருக்கணும்."

போனை வைத்துவிட்டு டச்சப் என்னைப் பார்த்தாள். நானும் உடனே பல்டி அடித்தேன். "சின்னவ வேலையாச்சேம்மா. நல்லவர் மாதிரி ஒரு சிரிப்பு வச்சுக் கொடுத்துடு. உனக்கென்ன, பத்து நிமிஷம்." என் வீரம் அவ்வளவுதான். மறைக்க மாட்டேன்.

அவள் உண்மையிலேயே முயன்றாள். தங்கைக்காக. இடது பக்கம் ஏறுகிற உதட்டை இறக்கி, இரண்டு பக்கமும் சமமாக்கி, கோரைப்பல்லை மறைத்து, கண்ணில் இருந்த கூர்மையைக் குறைத்து, சாந்தமான ஒரு மனுஷரை உண்டாக்கினாள். பார்த்தால் கடன் வாங்கிக்கொண்டு ஓடிப்போனவனையும் மன்னித்துவிடுகிற முகம். நம்மசார் வந்து பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா நம்ம சார் மாதிரியே இல்லையே. பற்பசை விளம்பரத்துல வர்றவர் மாதிரி இருக்காரு."

"ஏன்னா அவர் இப்படிச் சிரிச்சதே இல்லை சார்" என்றாள் டச்சப்.

"அதான் நான் கொடுத்தேனே, அந்தச் சிரிப்பை அப்படியே வைங்க மேடம். இயற்கையா இருக்கணும்."

"அப்படியேன்னா, அந்த ஒரு பக்கம் ஏறுறது, பல்லு, கண்ணு, எல்லாம் வரும். அது எதைப் பாத்து வந்த சிரிப்புன்னு இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க."

"சிரிப்புன்னா சிரிப்புதானேங்க, அதுல என்ன இருக்கு?" என்றார் மூன்று பேனாக்காரர்.

அவர் எதிரே நிற்பவளுக்கும் அந்தப் படத்தில் நிற்பவளுக்கும் நடுவில் எட்டு வருஷமும் ஒரு கண்ணாடியும்தான் வித்தியாசம். மனுஷனுக்கு அடையாளம் தெரியவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவனுக்கு எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பதும் ஞாபகம் இல்லை. மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் அப்படியே வேண்டும் என்றார். ஆர்டர் சீட்டில் 'வாடிக்கையாளர் கொடுத்த படத்தில் உள்ள சிரிப்பே' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள். அந்தக் கையெழுத்துக்கு மட்டும் அவர் மூன்று பேனாவில் எதுவும் எழுதவில்லை, என் பேனாதான்.

அப்புறம் அவள் வேலை செய்தாள். இரண்டு நாள். கடிகாரம் எத்தனை தடவை அலறியதோ, அத்தனை தடவையும் எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த மேடையில் வெளிச்சம் நேர் எதிரில் இருந்து வந்தது, கோட்டுப் படத்தில் பக்கவாட்டில் இருந்து. அதனால் கன்னம் ஏறிய இடத்தில் நிழலை வேறு மாதிரி விழ வைக்க வேண்டியிருந்தது. எட்டு வருஷத்தில் வந்த சுருக்கங்களையும் விடவில்லை, சிரிப்பு பழசு, தோல் இன்றையது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பழிவாங்க நினைத்தால் ஒரு மயிரிழை கூட்டியிருக்கலாம். ஒரு மயிரிழைகூட இல்லை என்று பக்கத்தில் நின்று பார்த்த நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். முடிந்ததும் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். முறைத்துக்கொண்டிருந்த மனுஷர் அந்தக் கோட்டுக்குள்ளேயே, அந்த நாற்காலியிலேயே சிரித்தார். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

விழா அந்த ஆபீசின் மாடி ஹாலில். நான் கேமராவோடு போனேன். டச்சப்பும் வந்தாள். அந்த ஹாலின் விளக்கில் நிறம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள். பின்வரிசைக்கும் பின்னால், கதவோரம் நின்றாள். தங்கை மேடை மேசையருகில், மூன்று லெட்டர் வைத்த கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். விடாமல் கிறீச்சிட்ட மைக்கில் நம்மசார் இருபது நிமிஷம் புகழ்ந்தார். தந்தையைப் போன்றவர் என்றார், ஆலமரம் என்றார். பிறகு நீலத் துணியை விலக்கினார்.

முன்வரிசையில் கைதட்டல் கிளம்பியது. மூன்றாவது வரிசைக்கு வருவதற்குள் செத்துப்போனது.

நான் கேமராவின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பிரிவு அம்மா போனைச் சட்டென்று பைக்குள் போட்டார். கதவருகே காவலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார். ஒருவர் தன் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழே தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் உதடு அசையாமல் கேட்டார்: "இன்னைக்கு யாரு மாட்டிக்கிட்டது?"

அந்த ஆபீசில் அந்தச் சிரிப்பை எல்லோருக்கும் தெரியும் போல. படம் எடுக்கப்பட்டது ஒரு தடவைதான், பார்த்தது பல தடவை. அது யாராவது ஒருவர் மேல் விழும், மற்றவர்கள் தப்பித்த நிம்மதியில் கூடச் சிரிப்பார்கள்.

மேனேஜருக்கு மட்டும் பூரிப்பு தாங்கவில்லை. "அட! என்னைப் போய் சிடுமூஞ்சின்னு சொல்றீங்களே, பாருங்கய்யா எவ்வளவு அன்பா சிரிக்கிறேன்! எந்த போட்டோவுல இருந்துய்யா எடுத்தீங்க?"

நம்மசாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! லேப்டாப்பைத் திரையோடு இணைத்து, ஆண்டு விழாப் படத்தை, வெட்டாத முழுப்படத்தை, சுவர் அளவுக்குப் போட்டுவிட்டார். தானே போட்டார். யாரும் சொல்லவில்லை.

ஹாலில் இருந்த பாதிப் பேர் அந்தப் படத்திலும் இருந்தார்கள். எட்டு வயசு குறைவாக, வாயைப் பிளந்துகொண்டு. ஒவ்வொருவரும் முதலில் தன்னைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அடுத்து மேடை ஓரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் எல்லோருக்கும் தங்கள் செருப்பைப் பார்க்க வேண்டிய அவசியம் வந்துவிட்டது. நம்மசாரின் முகம் மெல்ல வெளுத்ததை நான் நாலு படம் எடுத்தேன், ஒவ்வொன்றும் அருமையாக வந்திருக்கிறது.

மேனேஜர் மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது யாரு பொண்ணு? எல்லாரும் சிரிக்கிறாங்க, இது மட்டும் கடிகாரத்தை வச்சிக்கிட்டு உம்முனு நிக்குது. நல்ல போட்டோவைக் கெடுத்துட்டாளே." என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்ககிட்டதான் அந்த வித்தை இருக்கே. இவளையும் சிரிக்க வச்சுடுங்க. இதையும் பெருசா போட்டுப் பக்கத்துல மாட்டிடலாம்."

"பண்ணிடலாம் சார்" என்றேன். என் வாய்தான் சொன்னது, பழக்கதோஷம். அதை அறுத்துப் போட்டாலும் தகும்.

"பண்ண முடியாது அண்ணே" என்று கதவோரத்தில் இருந்து குரல் வந்தது.

எல்லாத் தலையும் திரும்பியது. தங்கை கோப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவள் கண் அக்காவிடம் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியது.

"ஏம்மா முடியாது?" என்றார் மேனேஜர். "நீ யாரு?"

"அந்தப் பொண்ணுதான் சார்." அவள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஹால் அவ்வளவு அமைதியாக இருந்தது. "இயற்கையா சிரிக்க வைக்கணும்னா அதே ஆளு சிரிச்ச இன்னொரு போட்டோ வேணும். இந்த ஆபீஸ்ல நான் சிரிச்ச போட்டோ ஒண்ணு இருந்தா கொடுங்க. செஞ்சு தர்றேன்."

மேனேஜருக்குப் பழக்கமான வேலை ஒன்று இருந்தது, அதைச் செய்தார். இடது பக்க உதடு மேலே ஏறியது. கோரைப்பல் தெரிந்தது. கண் சுருங்கியது. முன்வரிசையைப் பார்த்தார், கூடச் சிரிப்பார்கள் என்று. ஆனால் அவர் தலைக்கு மேலே, பொன்னிறப் பிரேமுக்குள், அதே உதடு, அதே பல், அதே கண். ஹால் முழுக்க மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மனுஷர் தானும் திரும்பி மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு இறங்கிவிட்டது, சுவரில் இருந்தது மட்டும் இறங்கவில்லை.

தங்கை அப்போதுதான் அசைந்தாள். நேராக மேசைக்குப் போய்க் கோப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். "சார், மூணு கையெழுத்து பாக்கி இருக்கு." பேனா மூடியைக் கழற்றி நீட்டினாள். அத்தனை கண்களும் தன் மேல் இருக்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் காகிதத்தின் மேல் குனிந்தார். மூன்றிலும் போட்டார். மூன்றாவதைப் போட்டதும் கணக்குப் பிரிவு அம்மா கைதட்டினார். இந்தத் தடவை கைதட்டல் பின்வரிசைவரை வந்தது.

தங்கை கோப்பைத் தலைக்கு மேல் தூக்கி அக்காவைப் பார்த்தாள். டச்சப் சிரித்தாள். ஆறு வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. தலை பின்னால் போய், கண் இரண்டும் மூடி, ஈறு தெரிய ஒரு சிரிப்பு. நான் கைபோன போக்கில் எடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து நம்மசார் கடைக்கு வந்தார். சட்டைப்பையில் இப்போது ஒரு பேனாதான். படத்துக்கு எதிரே உட்கார்ந்து யாராலும் வேலை செய்ய முடியவில்லையாம். தண்ணீர் குடிக்கக்கூட அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறார்களாம். "மேடம், அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துட முடியுமா?" என்றார்.

"எடுக்க என்ன இருக்கு? முறைக்கிற போட்டோ உங்ககிட்டயே இருக்கே. அதை மாட்டுங்க, எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க" என்றாள் டச்சப்.

அவர் போகாமல் நின்றார். எதையோ சொல்ல வந்தார். கண் மேசையில் இருந்த சிவப்புக் கடிகாரத்தின் மேல் விழுந்தது, வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அதற்கும் ஒரு தைரியம் வேண்டுமே.

அவர் போனதும் நான் அவள் திரையில் என் படத்தைத் திறந்து வைத்தேன். ஹால், கதவோரம், ஈறு தெரிகிற அந்தச் சிரிப்பு. எனக்கே என் மூளை மேல் பெருமையாக இருந்தது. "பாத்தியா! அந்த ஆபீஸ்ல நீ சிரிச்ச போட்டோ. இப்ப ரெண்டாவது படம் கிடைச்சிடுச்சு. அந்தப் பழைய படத்துல உன்னையும் சிரிக்க வச்சுடலாமா?"

அவள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். கடிகாரம் அலறியது. அதை நிறுத்தினாள், ஆனால் எழுந்து போகவில்லை.

"வேண்டாம் அண்ணே, அது அப்படியே இருக்கட்டும்" என்றாள். "அவளும் சிரிச்சுட்டா, அந்த ஆளு எதைப் பாத்துச் சிரிச்சான்னு யாருக்குத் தெரியும்?"